ஊர்ப்பேருக்கு ஒரு வால்

கில்மோர் தோட்டத்துக் கீழ் டிவிசனில் "பெரியாயி" என்று கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் ஒருத்தி ஒன்பதாம் லயம், இன்னொருத்தி நாலாம் லயம். நமக்கு வேண்டியவள் நாலாம் லயத்துக்காரி. வயது ஐம்பத்தைந்து. முப்பத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் அந்த வாயும் இல்லாமல் போயிருந்தால் தோட்டம் அவளை எப்போதோ மென்று துப்பியிருக்கும்.

இரண்டு பெரியாயிக்கும் விலாசம் ஒன்றே. கில்மோர் எஸ்டேட், கீழ் டிவிசன், தெமோதரை. லய நம்பரை எழுதினாலும் எழுதாவிட்டாலும் கடிதம் முதலில் தோட்டத்து ஆபீசுக்குத்தான் போகும். அங்கிருந்து அந்தப் பக்கமாகப் போகிற யார் கையிலாவது ஏறி, அவர் மனசு வைத்தால் லயத்துக்கு வந்து சேரும். மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் மகள் கலாராணிக்கு ஆசிரியர் பயிற்சிக்கான நேர்முகப் பரீட்சைக் கடிதம் அப்படித்தான் வந்தது. "பெரியாயி வீட்டுக் காயிதம்" என்று யாரோ அதை ஒன்பதாம் லயத்தில் கொடுத்துவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் வாசிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. உறை நல்ல கெட்டியாக இருந்ததால் கூரைத் தகரத்தின் ஓட்டையில் செருகினார்கள். அரசாங்க முத்திரை குத்திய அந்தக் கடிதம் இருபத்திரண்டு நாள் மழையைத் தடுத்து நிறுத்தியது. விஷயம் தெரிந்து பெரியாயி ஓடிப்போய் அதைப் பிடுங்கிப் பார்த்தபோது, நேர்முகப் பரீட்சை முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. கலாராணி இப்போது கொழும்புப் பக்கம் ஆடைத் தொழிற்சாலையில் காற்சட்டைக்குப் பை தைக்கிறாள்.

அன்றைக்குப் பெரியாயி யாரையும் திட்டவில்லை. அதைப் பார்த்துத்தான் லயமே பயந்துபோனது. வாசலில் உட்கார்ந்திருந்தவள் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"சாவுறதுக்குள்ள எனக்குன்னு ஒரு வெலாசம் வேணும்."

அந்த விலாசம் இப்போது கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. ரயில் பாதைக்குக் கீழே இருக்கிற சரிவில் இருபத்தெட்டுத் தனி வீடுகள் கட்டி முடித்திருந்தார்கள். வீட்டுக்குப் பத்துப் பேர்ச் அளவில் காணி, பெயர் போட்ட உறுதிப் பத்திரம். அதில் பதினேழாவது வீடு பெரியாயியுடையது. வெள்ளிக்கிழமை காணி அதிகாரி நேரில் வந்து பத்திரங்களைக் கொடுப்பதாக ஏற்பாடு. எல்லாம் அச்சடித்தாயிற்று; ஊர்ப் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். குடியிருப்பவர்கள் ஒரே பெயராகச் சொன்னால் அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரே பெயராகச் சொல்லாவிட்டால், அதிகாரி போன மாதமே தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார், பழையபடி "கில்மோர் கீழ் டிவிசன்" என்றே எழுதிவிடுவார்.

ஒரே பெயராம்! நம் சனத்திடம்! ஒரே கோயிலில் இரண்டு ஒலிபெருக்கி கட்டி இரண்டு பாட்டுப் போடுகிறவர்களிடம்!

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கூட்டம் கூடியது. முதலில் எழுந்தவர் சிவஞானம். தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். பூட்டனார் மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்தில் இருந்து வந்தவர் என்பதால், ஊர்ப் பெயர்களைப் பற்றிப் பேசுகிற உரிமை தனக்கு இரத்தத்திலேயே இருப்பதாக நம்புகிறவர்.

"மங்கலம்னா என்னா? ராசா தானமாக் குடுத்த நெலம். நமக்கும் தானமாத்தானே கெடைக்குது? அப்ப மங்கலம்னுதான் முடியணும். முன்னால குடுத்தவன் பேரப் போடணும், அதுதான் மொறை. நம்ம கம்பெனிச் சேர்மன் பேரு டெரிக் துரை. அதனால டெரிக்மங்கலம்."

கூட்டம் அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் உருட்டிப் பார்த்தது. யாருக்கும் இறங்கவில்லை.

"தானம் வாங்குறதுக்கு நாம என்ன பிச்சக்காரங்களா?" என்று துள்ளி எழுந்தார் தொழிற்சங்கத் தலைவர் கணபதி. "புரம்னு வைங்க. புரம்னா ராசதானி. ராசராசபுரம்! சொல்லும்போதே நெஞ்சு நிமிருதா இல்லையா?"

"இருபத்தெட்டு வீடு, ரெண்டு பைப்பு. இதுல எந்த ராசா வந்து குளிக்கிறது தலைவரே?" என்றாள் பெரியாயி.

மூன்றாவதாக வந்தவன் நிஷாந்த். ஆட்டோ ஓட்டுகிறவன், வெளிநாட்டுக்காரர்களை ஒன்பது வளைவுப் பாலம் காட்டக் கூட்டிப்போய்க் கூட்டிப்போய் நாக்கில் ஆங்கிலம் ஒட்டிக்கொண்டவன். "இந்தக் காலத்துக்கு நகர்தான் பெரியம்மா. காணி பிரிச்சு வீடு கட்டுனா எல்லாரும் அதத்தான் வைக்கிறாங்க. கிறீன்வியூ நகர். கூகுள்ல போட்டா டக்குனு விழும்."

மூன்று மணி நேரம் பேசினார்கள். கடைசியில் மூன்று கட்சியாகப் பிரிந்து வீட்டுக்குப் போனார்கள். பெரியாயி நாளை எண்ணிப் பார்த்தாள். இந்த வால் சண்டையில் வெள்ளிக்கிழமை வந்துவிட்டால், தலை போய்விடும். மறுபடியும் கீழ் டிவிசன், மறுபடியும் தகர ஓட்டை.

செவ்வாய்க்கிழமை புது வீட்டுக் குழாய்க்கு ஒரு மூடி வாங்க அவள் பஸ் ஏறிப் பதுளைக்குப் போனாள். பசாரில் வாஹித் முதலாளியின் ஹார்ட்வெயார் கடை. ஆணியில் இருந்து பெயர்ப்பலகை வரை கிடைக்கும். பலகைகளைப் பின்கட்டில் ஷிபான் என்கிற பெயின்டர் எழுதித் தருவான். மூடியைத் தேடிக்கொண்டே வாஹித் சொன்னார்.

"ஒங்கட ஊருக்கு எத்தின பேரு பெரியாயி? மூணு பேரு வந்து மூணு போர்ட் சொல்லீட்டுப் போயீக்கி. மூணு பேரும் தனித்தனியா வந்து, 'மத்தவங்களுக்குச் சொல்லாதீங்க மொதலாளி'ன்டு சத்தியம் வாங்கினாங்க. இப்ப ஒங்களுக்கும் சொல்லீட்டேன், நீங்களும் சொல்லாதீங்க."

பெரியாயி பின்கட்டுக்குப் போனாள். மூன்று பலகைகள் சுவரோரமாகக் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் முன்னால் முதலாளியின் மகள் பர்ஸானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். தொல்லியல் படித்துப் பட்டம் வாங்கி, அரசாங்க வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது வரும்வரை வாப்பாவின் கடையில் இருக்கிறவள்.

"வாங்கம்மா, இதப் பாருங்க. ஷிபான் மங்கலத்துக்குப் பெரிய 'ள' போட்டுட்டாரு. டெரிக்மங்களம்! கச்சேரி முடியிறப்போ பாடுறதுதான் மங்களம். ஊரு தொடங்க முந்தியே மங்களம் பாடியாச்சு."

பெரியாயி படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனாலும் மங்களம் பாடுவது என்றால் என்னவென்று தெரியாத ஆளா?

"மத்தது?"

"ராசராசபுறம். வல்லின 'ற' போட்டீக்காரு. ராசாவோட முதுகுப் பக்கம்னு வைங்களேன். மூணாவதுல எழுத்துப் பிழை இல்ல. 'நகர்'தான். ஆனா சும்மா வாசிச்சுப் பாருங்க, 'கிறீன்வியூ, நகர்!' வாசல்ல நிக்கிறவன எட்டப் போன்னு வெரட்டுற மாதிரி இல்ல?"

பெரியாயிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியில் நின்றுவிட்டது. "சிரிக்கிற நெலமையில இல்ல மகள். வெள்ளிக்கிழமைக்குள்ள ஒண்ணு முடிவாகணும். இந்த மூணுல எதுதான் மெய்? கணக்கப்பிள்ளை ஐயா தானம்ங்கிறாரு, தலைவரு ராசதானிங்கிறாரு, அந்தப் பய புதுக்காணிங்கிறான்."

பர்ஸானா ஒரு பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அவளுக்கு உட்காரக் கொடுத்தாள். படித்த பிள்ளைக்குக் கேட்கிற ஆள் கிடைத்தால் போதும், விடுமா?

"மூணு பேரும் பாதி சரியாத்தான் சொல்றாங்க. சோழர் காலத்துல நாலு வேதமும் படிச்ச பிராமணர்களுக்கு ஊரையே எழுதிக் குடுப்பாங்க. ராசா பேரோ ராணி பேரோ முன்னால, 'சதுர்வேதிமங்கலம்'னு பின்னால. அந்த நீளப் பேரு தேய்ஞ்சு தேய்ஞ்சு இப்ப வெறும் மங்கலமா நிக்கிற ஊருங்க நெறைய. வரி கிடையாது, அதுக்கு இறையிலின்னு பேரு. குடுக்கிற நாள்ல பொம்பள யானை ஒண்ண நடக்கவிட்டு, அது சுத்தி வந்த வழியில கல்லும் கள்ளியும் நட்டு எல்லை போடுவாங்க. 'பிடி சூழ்ந்து'ன்னு செப்பேட்டுல எழுதியிருக்கும். நாலு பக்கத்து எல்லையையும் ஒவ்வொண்ணாச் சொல்லி, அதுக்குள்ள மேல்நோக்கின மரமும் கீழ்நோக்கின கிணறும், உடும்பு ஓடி ஆமை தவழ்ந்த நெலமெல்லாம் ஒங்களுக்குன்னு குடுப்பாங்க."

"உடும்பு வரைக்கும் எழுதுனானா? நம்ம பத்திரத்துல பைப்பே எழுதல."

"ஆனா மங்கலம்னு முடியிற எல்லாமே தான ஊருன்னு சொல்ல ஏலாது. மங்கலம்னா நல்லதுங்கிற அர்த்தமும் இருக்கே, அதுக்காகவும் வைப்பாங்க. பொலன்னறுவையப் புடிச்ச சோழன் அத நிர்வாகத் தலைநகராக்கி என்ன பேரு வச்சான் தெரியுமா? ஜனநாதமங்கலம்! புரம்னு வைக்கவேண்டிய எடத்துல மங்கலம். புரமும் அப்படித்தான். கங்கைகொண்ட சோழபுரம் மாதிரி ராசா தன் பேரச் சொல்லிக் கட்டின பட்டணமும் உண்டு, யாவாரிங்க கூடின ஊரும் உண்டு. ஆனா நம்ம மலைநாட்டு ஆக்கள் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறின எத்தினையோ எடமும் புரம்தான். அங்க எந்த ராசா இருந்தான்?"

"எங்க சின்னாத்தா மக அங்கதான் போனா" என்றாள் பெரியாயி. "ராசா இல்ல, பாம்புதான் இருந்துச்சாம். நகரு?"

"இப்ப நகர்னா காணி பிரிச்சு விக்கிற எடம்னு ஆயிருச்சு. ஆனா ரொம்பப் பழைய தமிழ்ல நகர்னா பெரிய வீடு, மாளிகை, கோயில்னு அர்த்தம். பிறகு யாவாரிங்க சபைக்கு நகரம்னு பேரு வந்துச்சு. அதனால வால மட்டும் பாத்து மாடு வாங்காதீங்க. கல்வெட்டோ செப்பேடோ பழைய முழுப் பேரோ இருந்தாத்தான் நிச்சயமாச் சொல்லலாம்."

அதற்குப் பெரியாயி கேட்ட கேள்வியைப் பல்கலைக்கழகத்தில் பர்ஸானாவிடம் யாரும் கேட்டதில்லை.

"அய்யருமாருக்கு ஊரக் குடுத்தான், சரி. அதுக்கு முந்தி அந்த ஊர்ல உழுதுக்கிட்டு இருந்தவன் என்னா ஆனான்?"

பர்ஸானாவின் சிரிப்பு குறைந்தது. "ரெண்டு விதமா எழுதியிருப்பாங்கம்மா. சிலதுல 'குடி நீக்கி'ன்னு இருக்கும். முந்தி உரிமையோட இருந்த குடியை எடுத்துட்டுக் குடுத்தது. சிலதுல 'குடி நீங்கா'ன்னு இருக்கும். இருந்தவங்கள அசைக்காமக் குடுத்தது. வரியில வர்ற பங்கு மட்டும் புது ஆளுக்குப் போகும்."

"குடி நீங்கா." பெரியாயி அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். கண் கலங்கியது. எதற்கென்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை, ஆனால் அந்த இரண்டு சொல்லும் அவளுக்குப் பிடித்திருந்தது.

"இன்னொண்ணும் சொல்றேன்" என்றாள் பர்ஸானா. "டெரிக் துரை பேர வைக்கிறது சரியில்ல. தோட்டத்து நெலம் அரசாங்கத்தோடது, கம்பெனி குத்தகைக்குத்தான் வச்சீக்கி. குத்தகைக்காரன் எங்கயாவது தானம் குடுப்பானா?"

பெரியாயி வாளியில் இருந்து எழுந்தாள். குழாய் மூடியை மறந்துவிட்டுப் பஸ் ஏறினாள்.

புதன்கிழமை பொழுது சாயும் நேரத்தில் மறுபடியும் கூட்டம். பெரியாயி கேட்டு வந்ததையெல்லாம் கொட்டினாள். மூன்று பலகை விஷயமும் வெளியே வந்துவிட்டது. வாஹித்துக்குக் கொடுத்த வாக்கு தெமோதரை தாண்டவில்லை. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். அத்தோடு அடங்குவார்கள் என்று பெரியாயி நினைத்தாள். ஆனால் சிவஞானத்தின் காதில் யானை ஒன்றுதான் விழுந்திருந்தது.

"பாத்தீங்களா! பொம்பள யானை சுத்தி வரணும்! எல்லை நடக்காததாலதான் நமக்குள்ள ஒத்துமை வரல. நாளைக்கே நடத்துறோம்."

"யானைக்கு எங்க போறது?"

"யானை இல்லாட்டி என்னா? பொம்பளையா இருந்தாப் போதும்."

வியாழக்கிழமை காலையில் விஜயலெட்சுமியின் பசுமாட்டுக்குக் குங்குமம் வைத்து, கழுத்தில் செவ்வந்தி மாலை போட்டு அவிழ்த்துவிட்டார்கள். விஜயலெட்சுமி முதல் வீட்டுக்காரி. மாடு அவளைத் தவிர வேறு யாருக்கும் கட்டுப்படாது, சில நாள் அவளுக்கும் கட்டுப்படாது. பின்னால் சிவஞானம் கற்களைச் சுமந்துகொண்டு வந்தார். கள்ளி கிடைக்காததால் ரோஜாப் பதியன் இரண்டு. மாடு முதல் இருபது அடி பிரமாதமாக நடந்தது. பிறகு மாலையைத் தின்றது. பிறகு கணபதியின் போஞ்சிக் கொடிக்குள் நுழைந்தது.

"ராசராசபுரத்த மாடு தின்னுது!" என்று நிஷாந்த் கத்தினான்.

கணபதி கம்பை எடுத்தார். மாடு மிரண்டு வேலியைத் தாண்டித் தோட்டத்து ரோட்டில் ஏறி, நட்ட நடுவில் படுத்துக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில் மனேஜர் துரையின் ஜீப் வந்தது. ஹார்ன் அடித்தார். மாடு அசை போட்டது. சிவஞானம் கையில் கல்லோடு ஓடிவந்து, மாடு படுத்த இடம்வரை நமது எல்லை என்று விளக்க முயன்றார். அப்படி ஒரு விளக்கத்தை எந்த மனேஜரும் பொறுமையாகக் கேட்கமாட்டார்.

"நாளைக்கு ஒரே பேர் சொல்லாட்டி, ஆபீசில இருந்து நானே எழுதிக் குடுப்பேன்" என்று ஜன்னல் வழியாகச் சத்தம் போட்டார். "கில்மோர் லோவர் டிவிசன். முடிஞ்சது. இப்ப மாட்டை எடுங்க!"

மாட்டை எடுக்க ஒரு மணி நேரம் பிடித்தது. பெரியாயி அன்று வீட்டுக்குப் போய்ச் சோறு பொங்கவில்லை. சிவஞானத்தையும் கணபதியையும் நிஷாந்தையும் வீடு வீடாகப் போய்ப் பார்த்தாள். கெஞ்சினாள், அதட்டினாள், தன் மகள் கடிதத்தின் கதையை மூன்று வாசலிலும் சொன்னாள். மூவரும் பெருமூச்சு விட்டார்கள். மூவரும் "பாவம்தான்" என்றார்கள். பிறகு மூவரும், "அதனாலதான் சொல்றேன், நம்ம பேர வைப்போம்" என்றார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் காணி அதிகாரி வந்தார். நல்ல மனுஷர், சிங்களவர், தமிழ் நாலைந்து சொல்தான் வரும். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டுப் பத்திரக் கட்டை வைத்தார். சனமெல்லாம் புதுச் சட்டையும் புதுச் சேலையுமாக வந்திருந்தது. மனேஜர் துரை கைகட்டி நின்றார். வாஹித்தின் லொறி மூன்று பலகைகளையும் இறக்கிவிட்டுப் போயிருந்தது, எழுத்துப் பிழை திருத்தாமல்.

அதிகாரி எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார். வரிசையில் நிற்பது நமக்குக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் இருந்து பழக்கம். யார் முன்னால் நிற்பது என்பதுதான் பழக்கமில்லை. மூன்று தலைவர்களும் பின்னால் பலகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தள்ளுமுள்ளுப் பட, அந்தத் தள்ளலில் பெரியாயி மேசைக்கு முன்னால் வந்து விழாத குறையாக நின்றாள்.

பின்னால் ஒரே கூச்சல். "மங்கலம்!" "புரம்!" "நகர்!" நடுவே யாரோ, "எழுத்தப் பாருய்யா, நீயே மங்களம் பாடிட்டே!" என்று கத்த, பலகையோடு பலகை மோதிற்று.

அதிகாரி பேனாவைத் திறந்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். அந்த இரைச்சலில் முதல் சொல் பெரியாயியின் காதில் விழவில்லை. கடைசி இரண்டு சொல்தான் விழுந்தது.

"...நம மொகத்த?"

பெயர் என்ன என்கிறார். இத்தனை வருடமாக இந்தத் தோட்டத்தில் நம்பரைக் கேட்டிருக்கிறார்கள், கிலோவைக் கேட்டிருக்கிறார்கள், லயத்தைக் கேட்டிருக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து ஒருவர் மரியாதையாகப் பெயரைக் கேட்கிறாரே என்று அவளுக்கு மனசு குளிர்ந்தது. நிமிர்ந்து நின்று சொன்னாள்.

"பெரியாயி."

அதிகாரி எழுதினார். அவர் சிங்களத்தில் எழுதியதற்குப் பக்கத்தில் தமிழில் எழுத இருந்த உதவியாளரும் எழுதினார். எழுதிவிட்டு அதிகாரி பலகைகளை ஒருமுறை பார்த்தார். தலையை நிமிர்த்தி மறுபடியும் கேட்டார்.

"ஈட்ட பஸ்ஸே? மங்கலம்த, புரம்த, நகர்த?"

அதற்குப் பிறகு என்ன, மங்கலமா, புரமா, நகரா?

அப்போதுதான் பெரியாயிக்கு உறைத்தது. அவர் கேட்டது ஊர்ப் பெயர்! அவளுடைய பெயரை ஊர்ப் பெயர்க் கட்டத்தில் எழுதிவிட்டார்! வாயைத் திறந்தாள், இல்லை ஐயா என்று சொல்ல. மேசையில் இருந்த பத்திரத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டத்தில் அவள் பெயர் நீல மையில் ஈரமாக இருந்தது. தப்பு என்று சொன்னால் அடித்துவிட்டு, மனேஜர் சொல்வதை எழுதுவார். மனேஜர் ஏற்கனவே ஒரு அடி முன்னால் வந்திருந்தார்.

புரம் என்றால் ராசா வேண்டும். நகர் என்றால் யாரைப் பார்த்து நகரச் சொல்வது? மங்கலம் என்றால் கொடுத்தவர் பெயர் முன்னால் வரவேண்டும். கம்பெனி குத்தகைக்காரன், அவன் கொடுக்க முடியாது. அப்படியானால் இந்தச் சரிவுக்கு யார் எதைக் கொடுத்தது? அவள் கொடுத்தாள். முப்பத்தெட்டு வருடம், இரண்டு முழங்கால், ஒரு மகளின் வேலை. இதுக்கு மேலயும் ஒரு தானமா?

"மங்கலம்" என்றாள் பெரியாயி. "சின்ன 'ல', ஐயா. பெரிய 'ள' போட்டுறாதீங்க."

உதவியாளர் சின்ன 'ல' போட்டு எழுதி முடித்து உரக்க வாசித்தார். "பெரியாயிமங்கலம்."

கூச்சல் அறுந்து விழுந்தது. கணபதியின் கண் சுருங்கியது. "என்னாது? ஒன் பேர வச்சிட்டியா?"

நல்லவேளை, சிவஞானம் அதற்குள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டார்.

"ஏய், யாரப் பத்திப் பேசுற? பெரியாயி அம்மன்யா! எங்க பூட்டன் ஊரு எல்லையில நிக்கிற தெய்வம். ஆத்தா பேரு முன்னால, மங்கலம் பின்னால. இதத்தானே நான் மொதல்ல இருந்தே சொல்லிக்கிட்டு இருக்கேன்!"

சாமி என்று வந்த பிறகு யார் வாயைத் திறப்பது? கணபதி சங்கத் தலைவர்தான், ஆனால் அம்மனோடு மோதிச் சங்கம் நடத்த முடியாது. அவரும் கையைக் கூப்பினார். நிஷாந்த் கைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பேரு எங்கயும் இல்ல, புதுசு" என்று தன் பங்குக்குத் திருப்திப்பட்டான். மனேஜர் துரை ஒரு சாமியின் பெயரை எப்படி மறுப்பது என்று தெரியாமல் பின்னால் போய் நின்றுகொண்டார்.

அதிகாரி இருபத்தெட்டுப் பத்திரத்திலும் அதையே எழுதினார். வீட்டு நம்பர் வரிசையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுத்தார். பதினேழு வந்தது. பெரியாயி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனாள். அதிகாரி பத்திரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் பத்திரத்தைப் பார்த்தார். காணி பெறுபவர், பெரியாயி. ஊர், பெரியாயிமங்கலம். அவருக்கு ஏதோ புரிந்துவிட்டது. பேனாவை அவள் பக்கம் நீட்டி, தனக்குத் தெரிந்த நாலைந்து தமிழ்ச் சொல்லில் இரண்டைச் செலவழித்தார்.

"ஊர் ஒங்கட?"

"ஆமாங்க ஐயா" என்றாள் அவள், குரலைத் தாழ்த்தி. "குடுத்ததும் நான்தான், வாங்குறதும் நான்தான்."

அவருக்கு அது விளங்கவில்லை. சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினார். மூன்றாம் வகுப்புக் கையெழுத்து. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, அவசரப்படாமல், பின்னால் இருக்கிற வரிசை முணுமுணுக்க முணுமுணுக்க, பெரியாயி தன் பெயரை எழுதினாள்.